மூக்கடைப்புக்கு எந்த மருந்து? பிரஷர் உள்ள அண்ணன் வீட்டு மேசையில் ஓர் ஒப்பீடு

தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும், ஆயர் ஈத்தாமிலிருந்து பெரியம்மா மகன் அண்ணன் போன் செய்தார். தண்ணீர்மலையில் அத்தனை கூட்டத்தில் ஏறி இறங்கியதில் சளி பிடித்துவிட்டது. "தம்பி, மூக்கு ரெண்டும் அடைச்சிக்கிச்சி, படுக்கவே முடியல. அந்தச் சளி மாத்திரை இன்னும் ஒரு அட்டை எடுத்துட்டு வாயேன்" என்றார். நான் பட்டர்வொர்த் பக்கம் ஒரு ஃபார்மசியில் மருந்தாளராக இருக்கிறேன், அதனால் சொந்தபந்தத்தில் யாருக்கு என்ன வந்தாலும் முதல் போன் எனக்குத்தான். எந்த மாத்திரை என்று கேட்டேன். பெயர் தெரியவில்லை, நீலப் பெட்டி என்றார். பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "அது இருக்கட்டும், தலை வேற விண்ணுன்னு இருக்கு" என்றார்.

அண்ணனுக்கு வயது 58, ஏழு வருடமாக ரத்தக் கொதிப்பு. அம்லோடிபின் 10 மில்லிகிராம், பெரிண்டோபிரில் 4 மில்லிகிராம், இரண்டும் கவர்மென்ட் கிளினிக்கில் கொடுப்பது. சாதாரண நாளில் வீட்டு மெஷினில் 135, 138 என்று காட்டும், கீழே 80க்குப் பக்கத்தில். அன்று ராத்திரி அண்ணியை விட்டுப் பார்க்கச் சொன்னேன்: 168க்கு 98, நாடித்துடிப்பு 96. இருமி முடித்த கையோடு பார்த்தால் ஏறித்தான் காட்டும், அதனால் ஐந்து நிமிடம் பேசாமல் முதுகு சாய்த்து உட்கார வைத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். 164க்கு 98. நெஞ்சு வலி இல்லை, பார்வை மங்கவில்லை, பேச்சு குழறவில்லை, கைகால் எல்லாம் சரியாக இருந்தது. இதில் ஏதாவது ஒன்று இருந்திருந்தாலோ, 180க்கு 120 என்ற அளவைத் தொட்டிருந்தாலோ 999க்கு அடிக்கச் சொல்லியிருப்பேன். இன்று இனி எந்தச் சளி மாத்திரையும் வேண்டாம், தலையணையை உயர்த்தி வைத்துப் படுங்கள், காலையில் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

காலையில் போனால் சாப்பாட்டு மேசை மேலேயே நாலு வகை இருந்தன. ஒன்று, அண்ணி ஃபார்மசியில் வாங்கிய கிளாரினேஸ். இரண்டு, யாரோ சிங்கப்பூரிலிருந்து வந்தவர் விட்டுப் போன 'பகல் நேர' ஃபுளூ மாத்திரை, அதில் பாராசிட்டமாலும் ஃபினைலெஃப்ரினும் கொஞ்சம் காப்பியின் கஃபீனும் இருந்தன. மூன்று, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் பாராசிட்டமால். நாலு, உடம்பு வலிக்காக ஒரு தனியார் கிளினிக்கில் கொடுத்த டைக்ளோஃபெனாக், அதாவது வோல்டரென் வகை. அந்த கிளினிக்கில் அவர் பிரஷர் என்று சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நாலையும் மூன்று நாளாக, ஒன்று கேட்கவில்லை என்றால் இன்னொன்று என்று மாற்றி மாற்றியும் சேர்த்தும் போட்டிருக்கிறார்.

எந்த பிராண்டு பிரஷர்காரருக்கு நல்லது என்றுதான் கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். பிராண்டை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே பிராண்டில் ஐந்து பெட்டி இருக்கும், ஒன்று தாராளமாகச் சாப்பிடலாம், பக்கத்துப் பெட்டியைத் தொடக்கூடாது. அதனால் எது தொல்லையோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு என்னென்ன வழி இருக்கிறது, ஒவ்வொன்றும் பிரஷரை என்ன செய்யும் என்று பார்ப்பதுதான் சரி. அண்ணனுக்கு முதல் தொல்லை மூக்கடைப்பு. அதை வைத்தே தொடங்குகிறேன், ஆபத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

மூக்கு அடைப்பதற்குச் சளி மட்டும் காரணம் என்று நினைக்கிறோம், ஆனால் உண்மையில் மூக்கின் உள்தோலில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிந்து வீங்கி வழியை அடைத்துவிடுகின்றன, எவ்வளவு சிந்தினாலும் திறக்காமல் இருப்பது அதனால்தான். அடைப்பை நீக்கும் மருந்து அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சூடோஎஃபெட்ரின் இந்த வேலையை உண்மையாகவே நன்றாகச் செய்யும். ஆனால் வாய் வழியாகப் போகிற மருந்துக்கு மூக்கு எது, கை எது என்று தெரியாது, உடம்பெங்கும் உள்ள குழாய்களைக் கொஞ்சம் சுருக்கும், இதயத்தையும் கொஞ்சம் விரட்டும். குழாய் சுருங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், அவ்வளவுதான் கணக்கு. கிளாரினேஸ் ஒரு மாத்திரையில் லோராடடின் 5 மில்லிகிராமோடு சூடோஎஃபெட்ரின் 120 மில்லிகிராம் இருக்கிறது, காலை ஒன்று மாலை ஒன்று போட்டால் 240, ஒரு நாளுக்குப் பெரியவர்களுக்குச் சொல்லும் உச்ச அளவே அதுதான்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சும்மா பயமுறுத்துகிறேன் என்று ஆகிவிடும். 2005ல் 24 ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்ததில், சூடோஎஃபெட்ரின் மேல் அழுத்தத்தைச் சராசரியாக ஏற்றியது ஒரு புள்ளி மட்டுமே, நாடித்துடிப்பு மூன்று. ஒரு புள்ளிக்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். சராசரி என்பது பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஒன்றும் ஆகாமல் இரண்டு பேருக்கு நன்றாக ஏறினாலும் சின்னதாகத்தான் தெரியும். அந்த அலசலிலேயே அளவு கூடக் கூட ஏற்றமும் கூடியது, மெதுவாகக் கரையும் மாத்திரையைவிட உடனே கரைகிற மாத்திரை அதிகம் ஏற்றியது. ஆய்வில் சேர்த்த ரத்தக் கொதிப்புக்காரர்களும் பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள், அண்ணன் மாதிரி நாலு மருந்தை ஒரே மேசையில் பரப்பியவர்கள் இல்லை. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு முகமை 2024ல் கடுமையான அல்லது கட்டுக்குள் வராத ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சூடோஎஃபெட்ரினைச் சாப்பிடவே கூடாது என்று எழுதிவைத்தது. மிக அரிதாக மூளை ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்வதுண்டு என்பதுதான் காரணம். இதைச் சாப்பிட்டபின் இடி விழுந்தது போலத் திடீரென்று தலை வலித்தாலோ, வாந்தி, குழப்பம், பார்வை மாற்றம் வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் நாட்டில் சூடோஎஃபெட்ரின் நஞ்சுகள் சட்டத்தின் கீழ் வருவதால் மருந்தாளர் கையால்தான் கிடைக்கும், பெயரும் ஐசி நம்பரும் எழுதிக்கொள்வோம். அப்படியிருக்க அண்ணனுக்கு எப்படிக் கிடைத்தது? அண்ணி போய் வாங்கினார். கவுண்டரில் "பிரஷர் இருக்கா" என்று கேட்டார்கள், "இல்லை" என்றார், அவருக்கு உண்மையில் இல்லை! சாப்பிடப் போவது யார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நானே எத்தனை முறை இப்படிக் கேட்டிருப்பேனோ. அதற்கப்புறம் "யார் சாப்பிடப் போறது?" என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

இரண்டாவது வழி ஃபினைலெஃப்ரின். சூடோஎஃபெட்ரின் வாங்குவது சிரமமான இடங்களில் மாத்திரைக் கம்பெனிகள் இதைப் போட்டு விற்கின்றன, பெட்டியில் 'பிஇ' என்ற இரண்டு எழுத்து பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். பிரஷர்காரருக்கு இது எப்படி? கோட்பாட்டில் அதே ஆபத்து, குழாயைச் சுருக்கும் மருந்துதான். நடைமுறையில் வாய் வழியாகச் சாப்பிட்டால் குடலிலும் கல்லீரலிலும் பெரும்பகுதி சிதைந்துபோகிறது, மூக்கை எட்டுவது சொற்பம். 2023ல் அமெரிக்காவின் எஃப்டிஏ கூட்டிய நிபுணர் குழு, வழக்கமான அளவில் வாய் வழி ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்குப் பலன் தரவில்லை என்று ஒருமனதாகச் சொல்லியது, 2024 நவம்பரில் அதைச் சளி மருந்துகளிலிருந்து எடுத்துவிட எஃப்டிஏ முன்மொழிந்தது. ஆக, ஏறினாலும் ஏறலாம் என்று பயந்துகொண்டே பலனில்லாத ஒன்றை எதற்கு விழுங்குவது? எனக்கு இதில் இரண்டாம் யோசனையே இல்லை. ஆபத்து இதன் பலனின்மையில்தான் ஒளிந்திருக்கிறது, கேட்கவில்லையே என்று இன்னொரு மாத்திரை போடுகிறோம், அந்தக் கூட்டு மாத்திரையில் பாராசிட்டமாலும் இருப்பதால் அதுவும் தெரியாமல் இரட்டிப்பாகிறது. அண்ணன் செய்தது இதைத்தான். ரத்தக் கொதிப்புக்கும் நடுக்கத்துக்கும் சிலர் சாப்பிடும் புரொபிரனலால் போன்ற மருந்தோடு இந்த வகை சேர்ந்தால் அழுத்தம் வழக்கத்துக்கு மேல் ஏறக்கூடும், அவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, ஆக்ஸிமெட்டசோலின், இலியாடின் என்று வாங்குவது. இதுவும் குழாயைச் சுருக்கும் மருந்துதான், ஆனால் வேலை செய்யும் இடத்திலேயே விழுகிறது, ரத்தத்துக்குள் போவது குறைவு, சில நிமிடத்தில் மூக்கு திறக்கும். பிரஷர் கட்டுக்குள் இருப்பவருக்கு, ராத்திரி தூங்கவே முடியவில்லை என்றால், மாத்திரையைவிட இதைத்தான் நான் கொடுப்பேன், அதுவும் மூன்று நாளுக்கு மட்டும். அளவு மீறினால் இதுவும் அழுத்தத்தை ஏற்றும். அடிக்கும் விதமும் முக்கியம். தலையைப் பின்னால் சாய்த்து அடித்துவிட்டு உர்ரென்று உறிஞ்சுகிறார்கள், மருந்து தொண்டைக்குள் இறங்கி விழுங்கப்படுகிறது, அப்புறம் அதற்கும் மாத்திரைக்கும் வித்தியாசம் குறைகிறது. தலையைச் சற்று முன்பக்கம் குனிந்து, குழலின் முனையைக் காதுப் பக்கமாகத் திருப்பி, மெதுவாக மூச்சு இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். மூன்று நாள் தாண்டி ஒரு வாரம், இரண்டு வாரம் என்று போனால் மருந்து இறங்கியவுடன் குழாய்கள் முன்பைவிட வீங்கும், மறுபடி அடிப்போம், மறுபடி வீங்கும். ஒரே ஸ்பிரேயை மாதக்கணக்கில் சட்டைப் பையில் வைத்துத் திரிகிற லாரி டிரைவர்கள் எனக்குத் தெரியும், அவர்களுக்கு சளி போய் வெகுநாளாகியிருக்கும். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவருக்கு, அண்ணனுக்கு அன்று இருந்த 164 மாதிரி இருந்தால், ஸ்பிரேயும் வேண்டாம்.

அப்போது அவருக்கு என்ன கொடுத்தேன்? உப்புத் தண்ணீர். கேட்டதும் அண்ணன் முகம் சுருங்கிப் போனது, ஃபார்மசிக்காரன் வந்து உப்பைக் கொடுக்கிறானே என்று. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 250 மில்லி, அதில் அரை தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்குக்குள் விடக்கூடாது, கொதிக்க வைத்தே தீர வேண்டும், அரிதாக அதிலிருக்கும் கிருமி மூக்கு வழியாக மூளைக்குப் போகக்கூடும். கடையில் கழுவும் புட்டியும் பொடியும் சேர்த்துக் கிடைக்கும். சிங்க்கில் குனிந்து, வாயைத் திறந்துகொண்டு, ஒரு மூக்கில் விட்டால் மறுமூக்கில் வழிந்துவிடும், விழுங்குவதில்லை என்பதால் உப்பு பிரஷருக்குக் கணக்கில் வராது. படுக்கப் போகுமுன் ஒரு முறை, காலையில் ஒரு முறை. ஸ்பிரே மாதிரி சட்டென்று திறக்காது, ஆனால் கெட்டிச் சளியைக் கழுவி அரை மணி, ஒரு மணி நேரம் மூச்சு விட வைக்கும், எத்தனை நாள் வேண்டுமானாலும் செய்யலாம். கோடாரித் தைலம், மார்பில் தேய்க்கும் களிம்பெல்லாம் மூக்கைத் திறப்பதில்லை, திறந்தது போன்ற குளுமையைத் தரும், பிரஷரை ஒன்றும் செய்யாது, தூங்க உதவினால் தேய்த்துக்கொள்ளட்டும்.

மூக்கு அடைக்காமல் வெறுமனே ஒழுகுகிறது, தும்மல் வருகிறது என்றால் கதையே வேறு. அதற்கு லோராடடின், செட்டிரிசின், பிரிட்டோன் என்கிற குளோர்ஃபெனிரமின் போதும், இவை பிரஷரை ஏற்றுவதில்லை. பிரிட்டோன் தூக்கம் வரவைக்கும், வண்டி ஓட்டுகிறவர் ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும், புரோஸ்டேட் வீங்கி சிறுநீர் தடைப்படும் வயதானவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் பெயரைப் பார்த்து வாங்குங்கள், லோராடடின் தனியாக இருக்கும் பெட்டியும் சூடோஎஃபெட்ரின் சேர்த்த பெட்டியும் ஒரே அலமாரியில் இருக்கும், பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஓர் எழுத்து தொத்திக்கொண்டிருந்தால் அடைப்பு நீக்கும் மருந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது காய்ச்சல், உடம்பு வலி. இங்கே மூன்று பெட்டிக்கு நடுவில்தான் தேர்வு: சாதா பாராசிட்டமால், கரையும் பாராசிட்டமால், வலி நிவாரணி வகை. கரையும் மாத்திரையைத்தான் மிக நல்லது என்று நினைத்து அண்ணன் அதிகம் போட்டிருந்தார், தொண்டை வலியில் விழுங்குவது எளிது, சீக்கிரம் கேட்கும் என்று. நுரைப்பதற்காக அதில் சோடியம் பைகார்பனேட் போடுகிறார்கள். பிராண்டைப் பொறுத்து கொஞ்சம் மாறும், 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும், அதாவது ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு. அண்ணன் ஒரு வேளைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆக ஆறு மாத்திரை: 2,400 மில்லிகிராம் சோடியம், ஆறு கிராம் உப்பு. பெரியவர் ஒருவர் நாள் முழுக்கச் சாப்பாட்டில் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே ஐந்து கிராம் உப்புதான். அவர் ரசத்தையும் மேகி சூப்பையும் தொடாமலேயே மாத்திரையால் அதைத் தாண்டிவிட்டார், தொட்டும் இருக்கிறார் என்பது வேறு விஷயம். உப்பு ஏறினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும், பிரஷர் மாத்திரை செய்யும் வேலையை அது பின்னால் இருந்து இழுக்கும். நுரைக்கிற வைட்டமின் சி மாத்திரையிலும் இதே சங்கதி உண்டு.

சாதா பாராசிட்டமாலில் சோடியம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டு மாத்திரையைத் தாண்டாமல், கல்லீரல் கோளாறு இருந்தாலோ உடம்பு மெலிந்தவர் என்றாலோ அதைவிடக் குறைவாக. முழுக்க அப்பாவி மருந்து என்று சொல்லமாட்டேன். எடின்பரோவில் நடத்தி 2022ல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு நாளுக்கு நாலு கிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது மேல் அழுத்தம் ஐந்து புள்ளி அளவுக்கு ஏறியது. அது மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம், சளிக் காய்ச்சலுக்கு மூன்று நாள் போடுகிறவருக்கு இல்லை.

மூன்றாவதான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், போன்ஸ்தான் என்கிற மெஃபெனாமிக் அமிலம், இவை பிரஷர்காரருக்கு இரண்டு பக்கமும் கத்தி. சிறுநீரகத்தில் ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும் ஒரு பொருளை இவை தடுக்கின்றன, உப்பும் தண்ணீரும் தேங்கி அழுத்தம் சில புள்ளிகள் ஏறும், இது ஒன்று. பெரிண்டோபிரில், லோசார்டன் மாதிரி மருந்துகள் வேலை செய்வதும் சிறுநீரகத்தைச் சார்ந்தே என்பதால் அவற்றின் பலன் மங்கும், இது இன்னொன்று. இதோடு சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்து, காய்ச்சலில் தண்ணீர் குடிக்காமலும் கிடந்தால், சிறுநீரகம் திடீரென்று அடிவாங்கக்கூடும். சிறுநீர் கணிசமாகக் குறைந்துபோவதும் கால் வீங்குவதும் அதன் அடையாளம். இதயத்துக்காக டாக்டர் கொடுக்கும் சின்ன அளவு ஆஸ்பிரின் இந்தக் கணக்கில் சேராது, அதை நிறுத்திவிடாதீர்கள். அண்ணனின் டைக்ளோஃபெனாக்கை அங்கேயே எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆக அன்று காலை மேசையிலிருந்து கிளாரினேஸ், ஃபுளூ மாத்திரை, நுரைக்கும் மாத்திரை, டைக்ளோஃபெனாக் நாலும் போய், சாதா பாராசிட்டமாலும் உப்புத் தண்ணீரும் வந்தன. பிரஷர் மாத்திரை இரண்டும் அப்படியே. இரண்டாம் நாள் காலை 150க்கு 90, நாலாம் நாள் 140க்கு 84. சூடோஎஃபெட்ரின் ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், உப்பும் தண்ணீரும் இறங்க இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதனால் படிப்படியாகத்தான் இறங்கியது. நானும் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. சளி போய் இரண்டு வாரமாகியும் இருமல் நிற்கவில்லை, ஒரு நல்ல இருமல் மருந்தாகச் சொல் என்று அண்ணி போன் செய்தார். இருமல் மருந்துகள் பிரஷருக்கு அவ்வளவு தொல்லை கொடுப்பவை இல்லை. வறட்டு இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், சளியை இளக்கும் புரோம்ஹெக்ஸின், குவைஃபெனசின் எல்லாம் தனியாக இருந்தால் சாப்பிடலாம், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனுக்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். பாட்டிலில் அடைப்பு நீக்கும் மருந்து கலந்திருக்கிறதா என்று பின்பக்கம் பார்த்தால் போதும். சரி, எழுதித் தருகிறேன் என்று சொல்லும்போது அண்ணி சும்மா ஒன்று சொன்னார்: "இந்தச் சளிக்கு மட்டும் இல்லை தம்பி, தீபாவளியிலிருந்தே அவர் இருமிக்கிட்டுத்தான் இருக்கார். படுத்தா கூடுது. நான்தான் அதிமதுரம் போட்டுக் கொடுக்கிறேன்."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். பெரிண்டோபிரில் எப்போது தொடங்கியது என்று கேட்டேன், கார்டைப் பார்த்துச் சொன்னார், அக்டோபர். இந்த வகை மருந்து, பெயர் பெரும்பாலும் 'பிரில்' என்று முடியும், பத்தில் ஒருவருக்கு அல்லது அதற்கும் மேல் வறட்டு இருமலைக் கொண்டுவரும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில் இறகு வைத்துக் கிச்சுகிச்சு மூட்டுவது போல இருக்கும், தொடங்கிச் சில நாளிலும் வரும், மாதங்கள் கழித்தும் வரும். அதற்கு எந்த இருமல் மருந்தும் கேட்காது. இருமல் மருந்து கேட்காததால்தான் அதிமதுரம் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

அதிமதுரம் நம் வீட்டுப் பொருள், கெடுதல் செய்யாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், என் அம்மாவும் தொண்டை கட்டினால் ஒரு துண்டு கொடுப்பார். ஒன்றிரண்டு நாளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் இனிப்புக்குக் காரணமான கிளைசிரிசின், உடம்பில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சிறுநீரகத்தில் அடக்கி வைக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது, அப்போது அந்த ஹார்மோன் உப்பைப் பிடித்து வைக்கவும் பொட்டாசியத்தை வெளியேற்றவும் தொடங்கும். நாளுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரிசினைத் தாண்ட வேண்டாம் என்பது ஐரோப்பாவில் வைத்திருக்கும் வரம்பு, வேரின் தரத்தைப் பொறுத்து ஐந்து கிராம் அதிமதுரமே அதைத் தாண்டிவிடும். அண்ணி தினமும் ஒரு கைப்பிடி நசுக்கிக் கொதிக்க வைத்துப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மெடிக்கல் ஹாலில் விற்கும் பல இருமல் பாகுகளிலும் அதிமதுரம் உண்டு, மலாய் லேபிளில் ஆக்கார் மானிஸ் என்று இருக்கும். அங்கேயே சளிக்கு மா ஹுவாங் சேர்த்த கஷாயம் கொடுத்தால் பிரஷர்காரர் வாங்கக்கூடாது, அதில் இருப்பது எஃபெட்ரின், சூடோஎஃபெட்ரினுக்கு அண்ணன்.

அப்புறம் தேதிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தோம். அக்டோபரில் பெரிண்டோபிரில். நவம்பரில் இருமல், அதற்கு அதிமதுரம். டிசம்பர் செக்கப்பில் பிரஷர் ஏறியிருக்கிறது என்று அம்லோடிபின் 5லிருந்து 10 ஆக்கியிருக்கிறார்கள், இருமலைப் பற்றி அண்ணன் அங்கே வாயே திறக்கவில்லை, பிரஷர் பார்க்கப் போகிற இடத்தில் இருமலைப் போய் எதற்குச் சொல்வது என்று. மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள், இந்தக் காகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள் என்றேன், அதிமதுரத்தை மட்டும் அன்றே நிறுத்தச் சொன்னேன். டாக்டர் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார், பொட்டாசியம் 3.4, இருக்க வேண்டியது 3.5க்கு மேல். பெரிண்டோபிரிலை லோசார்டன் 50 மில்லிகிராமாக மாற்றினார், இந்த வகைக்கு இருமல் வருவது மிகக் குறைவு. மருந்தை மாற்றினாலும் இருமல் மறுநாளே போகாது, ஒரு வாரத்திலிருந்து நாலு வாரம் வரை ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட.

அண்ணனுக்கு மூன்றாம் வாரத்தில் நின்றது. பங்குனி உத்திரத்தன்று வீட்டுக்குப் போனபோது 128க்கு 78 என்று மெஷினைத் தூக்கிக் காட்டினார், கால் வீக்கமாக இருக்கிறது, அம்லோடிபினைப் பழையபடி 5 ஆக்கலாமா என்று அடுத்த செக்கப்பில் கேட்கப் போவதாகவும் சொன்னார். ஃபிரிட்ஜ் கதவில் பாதி பாதி தீர்ந்த இருமல் மருந்து பாட்டில் ஆறு இருந்தன, அண்ணி அதையெல்லாம் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்.